மெத்தை மாற்றலாமா? எங்கள் குடும்பக் குழுவில்

மாலதி: காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. 20 நிமிடம் நடமாடினால் சரியாகிவிடும். தென்னை நார், மெமரி ஃபோம், ஸ்பிரிங், எந்த மெத்தை வாங்கலாம்? வருடம் முழுக்கப் புழுக்கம் வேறு.

கதிர் மாமா: முதுகு என்றாலே கெட்டியான நார் மெத்தைதான். எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது.

சுதா அக்கா: நார் மெத்தையில் காற்று நன்றாகப் போகும், அது சரி மாமா. ஆனால் ரொம்பக் கெட்டி வேண்டாம். இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் ஒரு ஆய்வு நடந்தது, 2003-ல் வெளியானது. அதில் நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. மாலதி, எப்படிப் படுப்பாய்?

மாலதி: ஒருக்களித்து.

சுதா அக்கா: அப்படியானால் தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும். வெறும் நார் மெத்தை அதற்கு இடம் தராது.

பிரபு: மெமரி ஃபோம் வாங்குங்க அக்கா. எனக்கு அருமையாக இருக்கிறது.

சுதா அக்கா: நீ ஏசியில் தூங்குகிறாய். அந்த ஃபோம் சூட்டில் இளகும். புழுக்கமான அறையில் இடுப்பு உள்ளே போய்விடும், புரண்டு படுக்கவே சிரமம். வியர்வை ஈரமும் சீக்கிரம் காயாது. இடைவெளியில்லாத பலகைக் கட்டிலில் போட்டால் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும்.

பெரியம்மா: எனக்கு முழங்கால் வலி. கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்கிறேன்.

சுதா அக்கா: மாலதியும் அதைச் செய்யலாம் பெரியம்மா, இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. மாலதி, முதலில் பழைய மெத்தையின் குறுக்கே ஒரு நேர்க்குச்சியை வைத்து, நடுவில் எவ்வளவு பள்ளம் என்று அள.

மாலதி: ஒன்றரை அங்குலம். நார் மெத்தைதான். தட்டினால் தூள் கொட்டுகிறது.

சுதா அக்கா: நாரைப் பிணைத்திருக்கும் ரப்பர் உதிர்கிறது. மாற்ற வேண்டியதுதான். புதிய நார் மெத்தை வாங்கி, மேலே 2 அங்குல லேடெக்ஸ் விரிப்பு போடு. இல்லையென்றால் பாக்கெட் ஸ்பிரிங். அதில் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக அமுங்கும், காற்றும் போகும்.

கதிர் மாமா: ஸ்பிரிங் துருப்பிடிக்கும். எங்கள் வீட்டில் கிறீச்சென்று சத்தம் வந்துவிட்டது.

சுதா அக்கா: உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் அந்த பயம் நியாயம்தான் மாமா. எதை வாங்கினாலும் அடியில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த கட்டில் இருந்தால் நல்லது. கடையில் 15 நிமிடமாவது ஒருக்களித்துப் படுத்துப் பார். முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து யாராவது பார்க்கட்டும். விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தாலோ கால் மரத்தாலோ டாக்டரிடம் போ.

பிரபு: ஏசி அறைக்கு என் ஓட்டு ஃபோமுக்குத்தான்.

மாலதி: எனக்கு ஏசி இல்லை பிரபு. சனிக்கிழமை பாக்கெட் ஸ்பிரிங்கிலும் நார்-லேடெக்ஸிலும் படுத்துப் பார்க்கிறேன். அக்கா, பின்னாலிருந்து பார்க்க நீங்களே வருகிறீர்களா?