நிற்கிற மின்காரில் சார்ஜ் இறங்குகிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம். மகள் பிரசவத்துக்காக மதுரை வந்திருக்கிறோம். கார் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டு கராஜில். கிளம்பும்போது 70% இருந்த சார்ஜ் மூன்று வாரத்தில் 52% ஆகிவிட்டது. 60 யூனிட் பேட்டரி; ஆக, ஏறக்குறைய 11 யூனிட் போயிருக்கிறது, நாளுக்கு அரை யூனிட். இன்னும் இரண்டு மாதம் ஆகும் திரும்ப. இப்படியே போனால் கிட்டத்தட்ட காலியாகிவிடும்.

காவல் கேமராவோ என்று முதலில் நினைத்தேன். அது 200 வாட் இழுத்தால் நாளுக்கே 5 யூனிட் ஆகும், கணக்கு ஒத்துவரவில்லை. என் சந்தேகம் ஆப் மேல்தான். திறந்து சார்ஜ் பார்க்கும்போதெல்லாம் கார் விழித்துக்கொள்கிறது, உடனே தூங்குவதில்லை. மருமகன் போனின் முகப்பிலும் அதே ஆப்பின் விட்ஜெட் இருக்கிறது, கேட்டபடியே இருக்கும் போல! சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கும் பெரிய பேட்டரிதான் ஊட்டுகிறது. அது படுத்துவிட்டால் கதவே திறக்காது, அதுதான் பயம்.

விட்ஜெட்டை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கப்போகிறேன். கேபின் குளிர்விக்கும் வசதியையும் அணைத்தாயிற்று.

மச்சான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். ஆப்பில் உச்சவரம்பை 50% என்று வைத்து, வயரை மாட்டியே விடச் சொல்லவா? இல்லை, 20% வரும்போது மட்டும் ஏற்றினால் போதுமா? மாட்டியே வைத்தவர்களுக்கு, மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் சார்ஜ் தானாகத் தொடர்ந்ததா?