பொருள்: வாத்துகள் சந்து விடாமல் முன்னேறுவதற்கு ஒரு சொல்

மாலதி, மயிலாப்பூர்:
எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பலகை விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ‘நரியும் வாத்தும்’ விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் மட்டும். ஒரு ஓரத்தில் நான்கு வாத்து, எதிர் ஓரத்தில் ஒரு நரி, நரிக்கே முதல் நகர்வு. வாத்து மூலைவாட்டில் முன்னோக்கி ஒரு கட்டம் போகும். நரி பின்னோக்கியும் வரும். வெட்டு கிடையாது. வாத்துகளைத் தாண்டிவிட்டால் நரிக்கு வெற்றி, அசைய இடமில்லாமல் சிக்கினால் தோல்வி. வாத்துகள் பிரியாமல் முன்னேறும் உத்திக்கு ‘நேர்வரிசை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கதிரவன், அம்பத்தூர்:
சரிதான் அக்கா. நான்கும் ஒரே வரிசையில் நின்றால் நரி புகவே முடியாது. ‘அணிவகுப்பு’ இன்னும் பழகிய சொல்.

சுந்தரம், நங்கநல்லூர்:
அணிவகுப்பு என்றால் எனக்குக் கடற்கரைச் சாலையும் குடியரசு நாளும்தான் நினைவுக்கு வருகின்றன. அது போகட்டும், ‘நேர்’ என்பதில்தான் சிக்கல். ஒரு முறைக்கு ஒரு வாத்துதானே நகர்கிறது? ஆகவே நான்கும் நேராக நிற்பது நான்கு நகர்வுக்கு ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் வரிசை இரண்டு படியாக முறிந்தே நிற்கும். ஆனாலும் அடைப்பு விடாது.

3-ஆம் வரிசையில் 1, 3, 5, 7 ஆகிய கட்டங்களில் வாத்துகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்து வாத்து முதலில் 4-ஆம் வரிசைக்கு ஏற வேண்டும். அது விட்டுவந்த கட்டத்துக்கு மேலிருந்து ஒரே வழிதான், அந்த வழியில் அதுவே நிற்கிறது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று வலப்பக்கமாக ஏறும். 2, 4, 6, 8 நிறைந்ததும் வலது ஓரத்திலிருந்து திரும்ப வேண்டும். ஏர் மாடு வரப்பு வரை போய்த் திரும்புவதுபோல. நான் ‘சால்நடை’ என்பேன்.

பழனி, பெரம்பூர்:
நான் நாற்பது ஆண்டு கட்டட வேலை பார்த்தவன். கறுப்புக் கட்டங்களைப் பாருங்கள், செங்கல் வரிதான்! கீழ்வரியின் சந்துக்கு மேல் மேல்வரியின் கல் உட்காருகிறது. ‘மதில்நடை’ என்று வையுங்கள். ஆனால் ஒரு ஐயம். ஆடுபுலி ஆட்டத்தில் ஓர் ஆட்டைப் புலிக்குக் கொடுத்துவிட்டு மற்ற ஆடுகளை நகர்த்துவோமே, அப்படி ஒரு வாத்தைக் கொடுக்கலாமா?

சுந்தரம்:
ஐயா, மாலதி சொன்ன ஆட்டத்தில் வெட்டே இல்லை. கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சிலுவை வடிவப் பலகையில் 33 புள்ளிகளில் ஆடும் வகை வேறு. அதில் நரி தாண்டிக் குதித்து வெட்டும். ஒவ்வொரு வாத்துக்கும் பின்னால் காலிப் புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதிரவன்:
அப்படியானால் சால் முறையைப் பிடித்துக்கொண்டே போனால் வாத்துகளுக்கு வெற்றி உறுதி. விதித்தாளில் ‘ஒருபோதும் சந்து விடாதே’ என்று எழுதிவிடலாம்.

சுந்தரம்:
எழுதாதீர்கள், நரி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வாத்து 4-ஆம் வரிசையின் 2-ஆம் கட்டத்துக்கு ஏறிவிட்டது. மற்ற மூன்றும் 3-ஆம் வரிசையில் 3, 5, 7. நரி 4-ஆம் வரிசையின் 4-இல் வந்து நிற்கிறது. இரண்டாம் வாத்துக்கு ஒரு பக்கம் தோழன், மறுபக்கம் நரி, அசைய முடியாது. மூன்றாம் வாத்தை 6-க்கு ஏற்றினால் அது விட்ட இடத்தில் நரி இறங்கிவிடும். நான்காம் வாத்தை ஓரத்து 8-க்குத் தள்ளினால் நரி 5-ஆம் வரிசையின் 5-க்குப் போகும்; அடுத்து 4-ஆம் வரிசையின் 6-க்கு இறங்கப் பார்க்கும். அதை மூன்றாம் வாத்தால் அடைத்தால் நரி பழைய இடத்துக்கே வந்து, மூன்றாம் வாத்து விட்ட கட்டத்தில் நுழைந்துவிடும். ஆட்டம் போயிற்று.

சரியான நகர்வு, நான்காம் வாத்தை உள்பக்கமாக 6-க்கு ஏற்றுவது. வலது ஓரம் திறந்துவிடும், உண்மைதான். ஆனால் நரி அங்கே போய்ச் சேர நான்கு நகர்வு வேண்டும். அதற்கும் நரி நகர்ந்தே ஆக வேண்டும், நின்ற இடத்தில் நிற்க முடியாது. அது விலகியதும் இரண்டாம் வாத்து 4-க்கு ஏறும். அடுத்து நான்காம் வாத்து 5-ஆம் வரிசையின் 7-க்குப் போய் ஓரத்தை அடைத்துவிடும். கடைசியாக மூன்றாவது 6-க்கு ஏறிவிட்டால் வரிசை மறுபடி முழுமை. நரிக்கு எட்டாத சந்து சந்தே அல்ல.

மாலதி:
இன்று பிள்ளைகளோடு அதையே வைத்துப் பார்த்தேன். ஒரு சிறுமி நான்காம் வாத்தை ஓரத்துக்குத் தள்ளினாள், நீங்கள் சொன்னபடியே தோற்றாள். ‘சால்நடை’ ஏறும் ஒழுங்குக்குப் பொருந்துகிறது. ஆனால் ஓரம் கொஞ்ச நேரம் திறந்திருக்கும் அந்த நிலையைச் ‘சால்’ என்று எப்படிச் சொல்வது?

பழனி:
மதிலில் வாசற்படிக்கு இடம் விட்டுக் கட்டுவதில்லையா? அதனால் அது மதில் இல்லை என்றாகிவிடுமா?

சுந்தரம்:
ஒழுங்குக்குச் ‘சால்நடை’, அடைப்புக்கு ‘மதில்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சிலுவைப் பலகையில் பின்புறம் காலியில்லாமல் நிற்பதற்கு ‘மதில்’ பொருந்துமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அங்கே பயம் நுழைவதல்ல, வெட்டு.

கதிரவன்:
நான் இன்னும் ‘அணிவகுப்பு’ பக்கம்தான்.