மைனாரிட்டி அட்டாக்: உங்கள் ஆட்டத்தில் எப்படி அமைந்தது?

வெள்ளைக்கட்டம்: குயின்ஸ் காம்பிட் எக்ஸ்சேஞ்சில் நான் வெள்ளை. ராணிப் பக்கம் எனக்கு a, b என இரண்டு சிப்பாய்கள், எதிராளிக்கு a, b, c மூன்று. யானையை b1-இல் வைத்தேன், அவர் a5 ஆடினார். அப்புறம் a3, b4, a வரிசைச் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. b5 தள்ளி c6-இல் வெட்டினேன், அவர் b7 சிப்பாயால் திருப்பி எடுத்தார். c6 பின்தங்கி நின்றது. குதிரை a4 வழியாக c5-க்கு வந்து உட்கார்ந்ததும் அவருடைய இரண்டு யானைகளும் c6-க்குக் காவல் நிற்பதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. உங்களுக்கு எப்படி?

சும்மாஆடுவேன்: கறுப்பாக இருந்தால் b5 வந்ததுமே c சிப்பாயால் வெட்டிவிடுவேன். c6 பலவீனம் என்ற பேச்சே வராது.

பழையகிளப்: c6 போகும், சரி. ஆனால் a சிப்பாய் ஏற்கெனவே போய்விட்டதால் d5, b7 இரண்டும் தனித்தனியாக நிற்குமே! பதிலுக்கு c வரிசை கறுப்புக்கும் திறக்கும். காய்கள் சுறுசுறுப்பாக இருந்தால் மட்டும் அதை ஆடலாம்.

நான் கறுப்பில் தேடுவது c4 கட்டத்தைத்தான். வெள்ளை b4 ஆடியதும் என் குதிரை d7-இலிருந்து b6-க்குப் போகும். c4-க்கு வழி இருந்தால் குதிரை அங்கே போனதும் நானே b5 தள்ளிவிடுவேன். c6 பின்தங்கும், ஆனால் c4 குதிரை வரிசையையே அடைத்துவிடுவதால் வெள்ளை யானைக்கு அது எட்டாது. அதனால் வெள்ளை கட்டத்து மந்திரிகளை முன்னதாகவே மாற்றிக்கொள்ளப் பார்ப்பேன். c4-ஐப் பார்த்துக்கொண்டிருப்பது d3 மந்திரிதானே. வெள்ளை குதிரையை நேரத்தோடு d2-க்குக் கொண்டுவந்தால் இந்தத் திட்டம் படுத்துவிடும்.

காரோகான்பிரியன்: நான் கறுப்பில் இதையே செய்கிறேன். காரோ-கான் எக்ஸ்சேஞ்சில் b5, b4 தள்ளினால் c3 சிப்பாய் மாட்டும். ஆனால் என் எதிராளி ராணிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையை e5-இல் நட்டு ராஜா மேல் பாய்ந்துவிட்டார்.

பழையகிளப்: மாஸ்கோ, 1952, போட்வின்னிக்–கெரெஸ் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். போட்வின்னிக் யானையை b1-இல் வைத்தார், b4 வரப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கெரெஸ் மந்திரியை d6-க்கு நகர்த்தியதும் திட்டத்தை மாற்றி f3, பிறகு e4 என்று நடுவில் தள்ளி ஜெயித்தார். b4 மிரட்டல் இருந்தாலே போதும், தள்ளியே ஆக வேண்டும் என்றில்லை.

சும்மாஆடுவேன்: அப்போ சிப்பாயைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லதா? ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

வெள்ளைக்கட்டம்: ஐயோ, இல்லை! மொத்தத்தில் சிப்பாய்கள் சமம்தான், அந்தப் பக்கத்தில் மட்டும் குறைவு.

என் ஆட்டம் கடைசியில் டிரா. c6-ஐ மூன்று காய்களால் அடித்தேன், அவரும் மூன்றால் காத்தார். ராஜா பக்கம் இன்னொரு பலவீனம் உண்டாக்க h4 தள்ளியிருக்கலாம் என்கிறான் நண்பன். ராஜா திறந்துவிடும் என்று எனக்கு இன்னும் தயக்கம். பழையகிளப் சார், நீங்கள் தள்ளுவீர்களா?

பழையகிளப்: ராணிகள் போயிருந்தால் தள்ளுவேன். பலகையில் இருந்தனவா?