வேலையை விட்ட பிறகு வர வேண்டிய கமிஷன்: உங்களுக்கு நடந்தது என்ன?

பழைய பேனா

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கமிஷன் திட்டம் ஜனவரியில் கொடுத்தது. வருட டார்கெட் 100 லட்சம். அதுவரை 5 சதவீதம், தாண்டினால் தாண்டிய தொகைக்கு 8 சதவீதம். ஆர்டர் கையெழுத்தானதும் பாதி, வாடிக்கையாளர் முதல் தவணை கட்டியதும் மீதி.

ஜூன் முடிவில் 90 லட்சம் முடித்திருந்தேன். ஜூலையில் ஒரு மெயில். டார்கெட் 130 லட்சம், அதுவும் ஜனவரியிலிருந்தே கணக்கு. கமிஷன் மொத்தமும் வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகுதான், அன்றைக்கு வேலையில் இருந்தால்தான். செப்டம்பரில் 40 லட்சத்துக்கு ஒரு ஆர்டர் கையெழுத்து வாங்கினேன். அக்டோபரில் விலகினேன். நவம்பரில் அவர்கள் பணம் கட்டினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசி நாளன்று மேலாளர் செட்டில்மென்ட்டை விளக்க லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஆர்டர் பட்டியலில் அந்த 40 லட்சத்துக்கு நேரே பொறுப்பாளர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர். நான் ராஜினாமா கொடுத்த மறுநாளே மாற்றியிருக்கிறார்கள். எட்டு மாதம் நான் பேசிப் பேசிக் கொண்டுவந்த வாடிக்கையாளர். அந்த ஒரு வரி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைசி பெஞ்ச்

வருத்தமாக இருக்கிறது. ஆனால் பணம் வந்த தேதியில் வேலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான். மெயில் வந்த பிறகும் வேலையில் தொடர்ந்தீர்கள், அதுவே சம்மதம். எனக்கும் இப்படித்தான் ஒரு காலாண்டுக் கமிஷன் போனது. வக்கீல் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

கடைசி பெஞ்ச் சொன்னதில் பாதிதான் சரி. பல வருடம் கமிஷன் கணக்குப் போடும் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இதில் இரண்டு தகராறுகள் கலந்து கிடக்கின்றன. பிரித்தால்தான் எது வலுவானது என்று தெரியும்.

பழைய திட்டப்படி அந்த 40 லட்சத்தில் முதல் 10 லட்சம் டார்கெட்டுக்குள், அதற்கு 50,000. மீதி 30 லட்சத்துக்கு 8 சதவீதம், 2,40,000. மொத்தம் 2,90,000. புதிய திட்டப்படி முழுவதும் 5 சதவீதத்தில் 2,00,000. ஆகவே டார்கெட் மாற்றத்தால் போவது 90,000. வேலையை விட்டதால் போவது அந்த 2,00,000.

முதலில் 90,000. நிறுவனம் திட்டத்தை இனிமேல் நடக்கும் விற்பனைக்கு மாற்றுவதைப் பெரும்பாலும் தடுக்க முடியாது, முன்கூட்டியே சொல்லியிருந்தால். ஏற்கனவே முடிந்த விற்பனையின் கமிஷனைக் குறைப்பது வேறு விஷயம். உங்கள் ஆர்டர் மெயிலுக்குப் பிறகு வந்தது, அது அவர்களுக்குச் சாதகம். உங்களுக்குச் சாதகம், ஜனவரித் திட்டத்தில் "டிசம்பர் 31 வரை" என்று இருந்தால். வருடம் முழுவதற்கும் ஒரு டார்கெட் கொடுத்து, ஆள் 90 லட்சம் எட்டிய பிறகு கோட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று அப்போது வாதிடலாம். "எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை உண்டு" என்று ஒரு வரி இருந்தால் வாதம் மெலிந்துவிடும்.

இரண்டாவது, 2,00,000. இங்கே கேட்க வேண்டியது, கையெழுத்துக்குப் பிறகு உங்களுக்கு வேலை பாக்கி இருந்ததா என்பது. இன்வாய்ஸ் போவதும் பணம் வருவதும் கணக்குப் பிரிவின் வேலை என்றால், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டீர்கள். சில நாடுகளில் அப்படி ஈட்டிய கமிஷனைச் சம்பளத்துக்குச் சமமாகப் பார்க்கிறார்கள், பணம் பிறகு வந்தாலும் கொண்டுவந்தவருக்கே. வேறு சில இடங்களில் "அன்று வேலையில் இருக்க வேண்டும்" என்று தெளிவாக எழுதியிருந்தால் அது செல்லும். அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். பெயர் மாற்றப்பட்டவருக்கு அந்த ஆர்டருக்குக் கமிஷன் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால், கமிஷன் உருவானது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

நீலவண்டு

எனக்கு நேர் எதிர்க் கதை. கமிஷன் எல்லாம் கையில் வாங்கிவிட்டுத்தான் விலகினேன். நான் போன பிறகு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். ஃபைனல் செட்டில்மென்ட்டில் அந்தக் கமிஷனைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். ரத்துக்குக் காரணம் சர்வீஸ் சரியில்லை என்று வாடிக்கையாளரே எனக்கு போன் போட்டுச் சொன்னார். விற்றவள் மேல் ஏன் சுமத்த வேண்டும்? பழைய பேனா அண்ணா, உங்களுக்கும் அப்படிப் பிடித்தம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பேனா

இல்லை தங்கை, பிடித்தம் எதுவும் இல்லை. கணக்குப்பிள்ளை சார், ஜனவரித் திட்டத்தில் "இந்த ஆண்டுக்கு" என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மாற்றும் உரிமையும் இருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை, டெலிவரி டீம்தான் பார்த்துக்கொண்டது. அந்த இன்னொருவருக்குக் கமிஷன் போனதாக அவரே சொன்னார். எழுத்தில் இல்லை.

வழித்துணை

கடைசி பெஞ்ச் போல விட்டுவிடச் சொல்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அதனால்தான் நிறுவனங்கள் தைரியமாகச் செய்கின்றன. என் கதை சின்னது. ஒரு காலாண்டுக் கமிஷன் நிலுவை, எழுத்தில் கேட்டேன், பாதி வந்தது.

எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்கிறேன். கோபத்தை எழுதவில்லை. ஆர்டர் எண், கையெழுத்துத் தேதி, தொகை, பொருந்தும் சதவீதம், வர வேண்டியது என்று வரிசையாகக் கணக்கு. திட்டத்தின் எந்தப் பத்தியின்படி என்றும் குறித்தேன். எப்போதைக்குள் பதில் வேண்டும் என்று ஒரு தேதி. மொத்தமாக "என் கமிஷனைக் கொடுங்கள்" என்றால் "பாக்கி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆர்டர் வாரியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

பொறுப்பாளர் பெயர் மாறியது பற்றி ஒன்று. பெரும்பாலான விற்பனை மென்பொருள்களில் யார், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு பதிவாகும். அதை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். நீங்களாக உள்ளே போய் எடுக்க வேண்டாம், வாடிக்கையாளர் பட்டியலையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் மீதே புகார் கிளப்புவார்கள். உங்களுக்கு வந்த கமிஷன் அறிக்கைகள், திட்டத்தின் இரண்டு பிரதிகள், வாடிக்கையாளரோடு பேசிய தேதிகள் போதும். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற காகிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும், முதலில் அதை விசாரியுங்கள்.

கடைசி பெஞ்ச்

விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்கும் கட்டளை போடவில்லை. தொகை சின்னதாக இருந்தால் அலைச்சலுக்குக் கட்டாது என்றுதான் சொன்னேன். 2,00,000 என்றால் நானும் கேட்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை

பழைய பேனா, கடிதத்தில் 2,00,000-ஐயும் 90,000-ஐயும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். மாற்றும் உரிமை வரி இருப்பதால் 90,000-ஐ மறுப்பார்கள், அந்த மறுப்பு 2,00,000-ஐத் தொடக் கூடாது.

பழைய பேனா

அப்படியே அனுப்பிவிட்டேன். எச்.ஆரிலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்று பதில். பெயர் மாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.