சர்வோ மெதுவா திரும்பாம துள்ளித் துள்ளி போகுது, உங்களுக்கும் இப்படி ஆச்சா?

சால்டர்புகை:
கேமராவை மெதுவா திருப்ப ஒரு சர்வோ மாட்டியிருக்கேன், ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ். Timer2 சும்மாதானே கெடக்குன்னு அதுல ஃபாஸ்ட் பிடபிள்யூஎம், ப்ரீஸ்கேலர் 1024, சுமார் 61 ஹெர்ட்ஸ் வருது. சர்வோ ஓடுது, ஆனா ஒரு டிகிரி திருப்பச் சொன்னா அசையவே மாட்டேங்குது, அப்புறம் திடீர்னு அஞ்சாறு டிகிரி துள்ளுது.

வயர்சிக்கல்:
சர்வோவுக்கு 50 ஹெர்ட்ஸ்தாங்க, நீங்க 61 குடுத்தா குழம்பத்தான் செய்யும். 50 ஆக்கி டூட்டி 5லேர்ந்து 10 சதவீதம் குடுங்க, சரியாயிடும்.

டிக்கெண்ணி:
50க்கு அந்த சதவீதம் சரி, ஆனா துள்ளுறதுக்கு காரணம் அது இல்ல. சர்வோ பாக்குறது பல்ஸ் எவ்ளோ நேரம் ஹையா நிக்குதுன்னுதான், சாதாரண அனலாக் சர்வோ 61லயும் ஓடும். உங்க ஒரு டிக் 64 மைக்ரோசெகண்ட், 1 மில்லிசெகண்ட்லேர்ந்து 2 வரைக்கும் மொத்தமே பதினஞ்சு பதினாறு படிதான் கெடைக்கும், 90 டிகிரியை அதுல பங்கு போட்டா படிக்கு கிட்டத்தட்ட 6 டிகிரி, நீங்க பாத்த துள்ளல் அதேதான். Timer1 16 பிட், அதுக்கு மாறுங்க. ப்ரீஸ்கேலர் 8ல ஒரு டிக் அரை மைக்ரோசெகண்ட், 20 மில்லிசெகண்டுக்கு 40000 டிக், பூஜ்யத்துலேர்ந்து எண்ணுறதால 39999.

```
DDRB |= (1 << PB1);
TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM11);
TCCR1B = (1 << WGM13) | (1 << WGM12) | (1 << CS11);
ICR1 = 39999;
OCR1A = 3000;
```

3000ன்னா 1.5 மில்லிசெகண்ட், நடு நிலை. 2000லேர்ந்து 4000 வரைக்கும் மெதுவா ஏத்திப் பாருங்க.

மங்கல்விளக்கு:
எனக்கும் இதே பிரச்சனைதான்! Timer0ல OCR0A = 0 போட்டும் எல்இடி முழுசா அணையல, ரூம் லைட்டை ஆஃப் பண்ணா லேசா தெரியுது.

டிக்கெண்ணி:
இது வேற கதைங்க. ஃபாஸ்ட் மோடுல 0 போட்டாலும் சுத்துக்கு ஒரு டிக் ஹை போகும், அந்த ஊசி பல்ஸ்தான் தெரியுது. பூஜ்யம் வர்றப்ப மட்டும் COM0A1 பிட்டை எடுத்துட்டு பின்னை லோ பண்ணுங்க, இல்ல ஃபேஸ் கரெக்ட் மோடுக்கு போங்க, அதுல 0ன்னா 0தான்.

சால்டர்புகை:
Timer1க்கு மாத்தினேன், இப்ப வழுக்கிட்டு போகுது, நன்றி. ஆனா புதுசா ஒண்ணு, பின் 10ல இருந்த எல்இடிக்கு `analogWrite(10, 200)` குடுத்தா வெளிச்சமே இல்ல.

டிக்கெண்ணி:
பின் 10ம் Timer1தான். முன்னாடி 255க்கு 200, இப்ப 40000க்கு 200, அரை சதவீதம், வேற எப்படி எரியும்? OCR1Bஐ பெருசாக்கலாம், ஆனா 50 ஹெர்ட்ஸ்ல எல்இடி துடிக்கிறது கண்ணுக்கே தெரியும். பேசாம பின் 3க்கு தூக்குங்க, Timer2 இப்ப காலிதானே, அதோட பழைய செட்டிங்கை மட்டும் எடுத்துடுங்க.

சால்டர்புகை:
சரி அப்படியே பண்றேன். நிக்கிறப்ப மட்டும் சர்வோ லேசா உறுமுது, அது என்னான்னு யாருக்காவது தெரியுமா?

வயர்சிக்கல்:
கேமரா வெயிட்டா இருக்கும்.

டிக்கெண்ணி:
இருக்கலாம், சப்ளை ஆடுறதாவும் இருக்கலாம். கேமராவை கழட்டிட்டு ஒருதடவை ஓட்டிப் பாத்து சொல்லுங்க.