மானிங் சூத்திரத்தில் 13.9 கியூசெக், மிதவையில் 21. எங்கே பிழை?

பரந்தன்_மாணவி

வணக்கம். இறுதி வருடத் திட்டத்துக்காகக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் நீரோட்டம் அளந்தேன், சிறுபோகத் தண்ணீர் விட்டிருந்த நேரம். மண் வாய்க்கால்தான், அடி அகலம் 1.2 மீற்றர், தண்ணீர் ஆழம் 0.60 மீற்றர், கரைச் சரிவு 1.5க்கு 1. சாய்வு 1/2000 என்று பழைய வரைபடத்தில் இருக்கிறது. மண் வாய்க்கால் என்பதால் கரடுமுரட்டுக் குணகம் n ஐ 0.025 எடுத்தேன்.

பழைய பதிவுகள் எல்லாம் கியூசெக்கில் இருப்பதால் ஒப்பிட வசதியாக அளவுகளை முதலே அடிக்கு மாற்றிவிட்டு எக்செலில் போட்டேன். குறுக்குப் பரப்பு 13.56 சதுர அடி, நீரியல் ஆரை 1.229 அடி. வேகம் 1.03 அடி/செக்கன், பாய்ச்சல் 13.9 கியூசெக் வருகிறது. ஆனால் மிதவை போட்டுப் பார்த்தால் 20 மீற்றர் ஓட 36 செக்கன், 0.85 ஆல் பெருக்கி எடுத்தால் 21 கியூசெக்.

n ஐ 0.017 ஆக மாற்றினால் 20.5 வருகிறது, மிதவைக்குக் கிட்ட. அப்படியே எழுதலாமா? அறிக்கை இந்தக் கிழமை கொடுக்க வேண்டும்.

```
V = (1/n) * R^(2/3) * S^(1/2)
Q = A * V
```

சோளகம்

n என்பது எவராலும் நேரே அளக்க முடியாத ஒன்று, புத்தகத்தில் இருந்து ஊகித்து எடுப்பதுதான். அதனால் அளந்த பாய்ச்சலுக்கு ஏற்றபடி n ஐத் திருத்துவதில் தப்பே இல்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் 0.017 கொஞ்சம் குறைவு. வாய்க்காலில் புல் இருந்தால் 0.03 போட்டுப் பாருங்கள். அலகுப் பிரச்சினை இல்லை, n க்கு அலகே கிடையாது, S க்கும் இல்லை.

பரந்தன்_மாணவி

0.03 போட்டால் 11.6க்கு இறங்குகிறது, இன்னும் தூரப் போகிறது.

துருசடி

தங்கச்சி, n இல் கை வைக்க வேண்டாம். 0.017 என்பது சீமெந்து பூசின வாய்க்காலுக்குச் சொல்கிற அளவு. மண் வாய்க்காலுக்கு அதை எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

நீங்கள் எழுதின சூத்திரத்தின் வலப்பக்கத்தை எண்களை எடுத்துவிட்டு அலகுகளோடு மட்டும் எழுதிப் பாருங்கள். R மீற்றரில் என்றால் R^(2/3) மீற்றரின் 2/3 அடுக்கு. S வெறும் விகிதம், அலகு இல்லை. n க்கும் அலகு இல்லை என்று சோளகம் சொல்கிறார், அதையும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் வலப்பக்கத்தில் நிற்பது மீற்றரின் 2/3 அடுக்கு மட்டும்தான். இடப்பக்கத்தில் மீற்றர்/செக்கன். வலப்பக்கத்தில் செக்கன் என்ற ஒன்றே இல்லையே, பிறகு எப்படி வேகம் வரும்?

வலப்பக்கத்தில் குறைவது மீற்றரின் 1/3 அடுக்கு, கீழே ஒரு செக்கன். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் அந்த 1 இல். `1/n` இல் மேலே இருக்கிற 1 வெறும் ஒன்று அல்ல, மீற்றரில் வேலை செய்யும்போது மட்டும் அது ஒன்று. அடிக்குப் போனால் ஒரு மீற்றருக்கு 3.2808 அடி, அதன் மூன்றாம் மூலம் 1.486. அதனால்தான் அடியில் எழுதும்போது சூத்திரமே மாறும்:

```
V = (1.486/n) * R^(2/3) * S^(1/2)
```

அதே n, அதே S. உங்கள் 13.9 ஐ 1.486 ஆல் பெருக்குங்கள், 20.7 வரும். n ஐ 0.017 ஆக்கினதும் இதே வேலையைத்தான் செய்தது, 0.025 ஐ 1.486 ஆல் வகுத்தால் 0.0168.

பரந்தன்_மாணவி

20.68. சரியாக வருகிறது. மீற்றரிலேயே முழுதும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், வேகம் 0.465, பாய்ச்சல் 0.586 கன மீற்றர்/செக்கன், அதை 35.31 ஆல் பெருக்க அதே 20.7.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. நான் ஒவ்வொரு எண்ணையும் அடிக்குச் சரியாகத்தான் மாற்றினேன், எக்செல் நிரலுக்கு மேலே அலகும் போட்டேன். அப்படி இருந்தும் ஏன் பிடிபடவில்லை?

துருசடி

தலைப்பில் அலகு போடுவது வேறு, அலகைச் சூத்திரத்துக்குள்ளே நடத்திப் பார்ப்பது வேறு. உங்கள் வேக நிரலுக்கு மேலே அடி/செக்கன் என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த எண் அங்கே வந்து சேர்ந்த வழியில் செக்கன் எங்கேயும் உள்ளே வரவில்லை. அது நீங்கள் எதிர்பார்த்த அலகு, கணக்கு தந்த அலகு அல்ல.

நான் வேலையில் இருந்த காலத்தில் சந்தேகமான சூத்திரம் எதையும் இரண்டு அலகில் போட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை மீற்றரில், ஒரு தடவை அடியில், கடைசி விடையை ஒரே அலகுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது. இரண்டும் ஒன்றானால் சூத்திரத்துக்குள்ளே ஒளிந்த அலகு இல்லை. உங்களுக்கு 20.7 உம் 13.9 உம் வந்திருக்கும், வகுத்தால் 1.486. இப்படி ஒரு எண் வந்தால் அதை 3.2808 இன் ஏதாவது அடுக்கா என்று பாருங்கள். அளவீட்டுப் பிழை இவ்வளவு ஒழுங்கான எண்ணாக வராது.

சோளகம்

சரி, ஒத்துக்கொள்கிறேன், அடியில் 1.486 வரவேண்டும். ஆனால் n க்கு அலகு இல்லை என்றுதானே நீங்களும் வைத்துக் கணக்குச் செய்தீர்கள்?

துருசடி

வைத்துத்தான் செய்தேன், ஏனென்றால் இரண்டு முறையிலும் ஒரே n அட்டவணையைப் பாவிக்கிற வழக்கம் அப்படி. 1 க்கு அலகு இல்லை என்று பிடிவாதம் பிடித்தால் n க்கு செக்கன்/மீற்றரின் 1/3 அடுக்கு என்று வரும். தரையின் கரடுமுரடுக்குள்ளே நேரம் எப்படி வரும் என்று சிலருக்கு அது பிடிக்காது, அதனால் புவியீர்ப்பின் வர்க்கமூலத்தை மேலே இருப்பதாக எடுத்து n க்கு நீளத்தின் 1/6 அடுக்கை மட்டும் விடுவார்கள். மணல் பரும்பனோடு ஒப்பிட அது வசதி. எது சரி என்று எனக்கும் முடிவான பதில் இல்லை. மானிங் அயர்லாந்தில் அளவீடுகளுக்குப் பொருத்தி எடுத்த சூத்திரம், விதிகளில் இருந்து பிறந்தது அல்ல, அதனால் இந்தக் கயிறிழுப்பு முடியாது.

விசுவமடு_வயல்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வாய்க்காலுக்கு 20 கியூசெக் திறந்ததாகச் சொன்னார்கள், எங்களில் 120 ஏக்கர் இருக்கிறது. 20 ஐ 120 ஆல் வகுத்தால் 0.17. ஏக்கருக்கு 0.17 அடி தண்ணீர்தானா? அதுதான் கடைசி வயலுக்கு வந்து சேரவில்லையோ?

துருசடி

அண்ணை, கியூசெக் என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை கன அடி என்பது. அதை ஏக்கரால் வகுத்தால் அடி வராது, எத்தனை நேரம் திறந்தார்கள் என்பதும் வேண்டும். ஒரு கியூசெக் 24 மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் அடி. ஆக 20 கியூசெக் ஒரு நாள் ஓடினால் 40 ஏக்கர் அடி, 120 ஏக்கருக்குப் பரப்பினால் 4 அங்குலம். வழியில் மண் குடிப்பதைக் கழிக்கவில்லை. எத்தனை மணித்தியாலம் திறந்தார்கள்?

விசுவமடு_வயல்

இரவில் பூட்டினார்கள் என்றுதான் கேள்வி. கமக்காரர் அமைப்பில் விசாரித்துச் சொல்கிறேன்.

கணக்கு_வாத்தி

உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அலகு பாருங்கள் என்பதுதான், ஆனால் அலகு பார்த்ததோடு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நனைந்த சுற்றளவில் இரண்டு கரை இருக்கிறது, அந்த 2 ஐ விட்டுவிட்டேன் என்று வையுங்கள். இந்த வாய்க்காலுக்குச் சுற்றளவு 3.36க்குப் பதில் 2.28 மீற்றர் வரும், ஆரை 0.55 மீற்றர், அலகு கனகச்சிதம். பாய்ச்சல் 26.8 கியூசெக். பரிமாணம் பார்த்து இதைப் பிடிக்கவே முடியாது, 2 க்கு அலகு இல்லையே. மிதவைக்குப் பாவிக்கிற 0.85 உம் அப்படித்தான், அதை மறந்தாலும் விடை மீற்றர்/செக்கனில்தான் நிற்கும்.

இதற்கு வேறு கண் வேண்டும். தண்ணீரின் மேல் அகலம் இங்கே 3.0 மீற்றர். நனைந்த சுற்றளவு என்பது ஒரு கரையில் இருந்து அடி வழியாக மற்றக் கரைக்குப் போகிற வழி, அது நேரே குறுக்கே போகிற தூரத்தை விடக் குறைய முடியுமா? 2.28 வந்தால் உடனே தெரியும்.

பரந்தன்_மாணவி

என் தாளில் சுற்றளவு 3.36 தான், 2 இருக்கிறது.

அப்படியானால் 20.7 உம் 21.0 உம் ஒத்துப்போகிறது என்று எழுதலாம்தானே? இன்னொன்று, இதே வாய்க்காலில் கீழே ஒரு இடத்தில் மீற்றரிலேயே செய்தது, மானிங் 12 கியூசெக் தருகிறது, மிதவை 9. அங்கே அலகுப் பிழை இல்லை, இப்போது இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

துருசடி

ஒத்துப்போகிறது என்று எழுதலாம், ஆனால் அதை ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். n ஐ 0.03 எடுத்திருந்தால் சரியான சூத்திரத்திலும் 17.2 தான் வந்திருக்கும். இவ்வளவு கிட்ட வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. சோளகக் காற்றில் மிதவையையும் முழுசாக நம்ப முடியாது, அரைவாசி தண்ணீர் நிரப்பின போத்தல் போட்டீர்களா, வெறும் போத்தலா?

கீழ் இடத்துக்கு எனக்கு S மேல்தான் சந்தேகம். அதற்கு அலகு இல்லை, அதனால் பிழை இருந்தாலும் வாய் திறக்காது. வரைபடத்தில் இருக்கிற 1/2000 கட்டின நேரத்துச் சாய்வு. கீழே யாராவது கதவைப் பாதி பூட்டியிருந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும், மேற்பரப்பின் சாய்வு அடியின் சாய்வை விடக் குறைவாக இருக்கும், அப்போது இந்தச் சூத்திரமே அங்கே பொருந்தாது. 100 மீற்றர் தள்ளி இரண்டு இடத்தில் நீர்மட்டத்தைப் பாருங்கள். 5 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருக்க வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் போதும், ஆனால் கவனம், 1 சென்ரிமீற்றர் பிசகினால் வேகம் பத்து வீதம் பிசகும்.

சோளகம்

புல்லாகவும் இருக்கலாம். அங்கே 0.033 போட்டால் 9 வரும்.

பரந்தன்_மாணவி

வெறும் போத்தல்தான் போட்டோம். கீழ் இடத்தில் புல்லும் இருந்தது, கதவு எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. இப்போது தண்ணீர் மறித்துவிட்டார்கள், அடுத்த முறை திறக்கும்போதுதான் மட்டம் பார்க்கலாம், அறிக்கைக்கு அது உதவாது. மேல் இடத்துக்கு 1.486 ஐச் சேர்த்து n 0.025 உடன் எழுதுகிறேன். கீழ் இடத்துக்கு இரண்டு எண்ணையும் போட்டு, சாய்வு வரைபடத்தில் இருந்து எடுத்தது, களத்தில் அளக்கவில்லை என்று அட்டவணைக்குக் கீழே எழுதுகிறேன்.