அட்டைப்பெட்டி மூடியில் இருந்த எழுத்துரு

செல்வி, முத்தியால்பேட்டை: புதுச்சேரி மிஷன் வீதி பேக்கரிக்காரர் ஒருவர், தாத்தா காலத்து அட்டைப்பெட்டி மூடியைக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் கடைப்பெயர், கீழே தமிழில். அதே எழுத்தில் புதுப் பெட்டி அடிக்க வேண்டுமாம். படத்தை வைத்துத் தேடினேன், ஹெல்வெட்டிகா என்று வந்தது. அடித்துக் காட்டியதும், "இது இல்லம்மா" என்றார். சரி என்று டிரேசிங் பேப்பரை வைத்து வரைந்து அளந்தேன். எக்ஸ்-ஹைட் ரொம்ப அதிகம்: பெரிய எச் 20 மி.மீ. என்றால், சின்ன எழுத்தின் உடம்பு 15-ஐத் தாண்டுகிறது. சின்ன எல் அதற்கு மேல் கொஞ்சம்தான் நீள்கிறது. டெர்மினல் எல்லாம் உருண்டை. உருண்டை முனை எழுத்துருவாகத் தேடி இரண்டு நாள் போயிற்று.

குமரன், கடலூர்: கான்ட்ராஸ்ட் எப்படி? குறைவென்றால் போட்டோஷாப்பில் ஏற்றி மறுபடி தேடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

ஆரோக்கியம், நெல்லித்தோப்பு: தம்பி, இது படத்தின் கான்ட்ராஸ்ட் இல்லை. ஒரே எழுத்துக்குள் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம். செல்வி, சின்ன ஓ-வைப் பாரம்மா. தலையும் அடியும் தடிமனா, பக்கங்களா?

மதி: எக்ஸ்-ஹைட் அதிகம், பிரெஞ்சு வேறு. ஃப்ருட்டிகர்தான். பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குச் செய்தது.

செல்வி: தலையும் அடியும்தான் தடிமன்! பக்கம் மெலிசு.

ஆரோக்கியம்: அப்ப ஃப்ருட்டிகர் இல்லை. அதில் ஓ சுற்றிலும் ஏறக்குறைய ஒரே தடிமன். வழக்கமாக நிற்கும் கோடுதான் தடிக்கும், உங்களுடையதில் படுக்கைக் கோடு தடிக்கிறது. Antique Olive போட்டுப் பாருங்கள். மார்சேய் ஒலிவ் வார்ப்பகத்துக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் வரைந்தது, 1960-களில் வந்தது. உருண்டை முனையை நம்பாதீர்கள். அச்சுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தேன். சொரசொரப்பு அட்டையில் மசி பரவினால் வெட்டு முனையெல்லாம் மழுங்கிவிடும், இடைவெளி அடைத்துக்கொள்ளும். முனைதான் முதலில் பொய் சொல்லும். மெல்லிய கோடும் கொஞ்சம் தடிக்கும். உயர விகிதம் அவ்வளவாக மாறாது. நானும் ஒரு கல்யாணப் பத்திரிகையில் முனையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

செல்வி: அதே பெயரை அடித்து, சின்ன எழுத்தின் உயரம் ஒன்றாகும்வரை பெரிதாக்கி, மூடிமேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓ, இ, ஆர் அப்படியே உட்கார்ந்தன. ஜி-யின் வால் மட்டும் விலகுகிறது. பேக்கரிக்காரர் பார்த்ததும் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். ஐயா, அந்த வால் ஏன்?

ஆரோக்கியம்: வேறு தடிமனாக இருக்கலாம், தேய்ந்த அச்சாகவும் இருக்கலாம். மூடியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

மதி: கீழே இருக்கும் தமிழ் எழுத்தை எப்படி விவரிப்பீர்கள்? அங்கே எக்ஸ்-ஹைட் என்று எதைச் சொல்வது?

செல்வி: 'ட'வின் உயரத்தை வைத்து அளந்தேன். 'கி'யின் விசிறி எவ்வளவு மேலே போகிறது, 'ண'வின் சுழி மூடியா திறந்தா என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை எதுவும் பொருந்தவில்லை.

குமரன்: 'ணை' யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவமா?

செல்வி: ஆமாம், அதேதான். நாளைக்கு வரைந்து போடுகிறேன்.